பகலில் எடுத்த எண்ணும் இரவில் ஏறும் அழுத்தமும்

நாற்பத்தாறு வயது ஆண் ஒருவரின் பரிசோதனை முடிவுகளை வைத்து இதைப் பேசலாம். இவர் ஒரு குறிப்பிட்ட மனிதர் அல்ல. இப்படிப்பட்ட எண்களோடு வருபவர்கள் ஏராளம் என்பதால் உருவாக்கிய மாதிரி. உயரம் 170 செ.மீ., எடை 88 கிலோ, இடுப்புச் சுற்றளவு 96 செ.மீ. ரத்த அழுத்தத்துக்கு ஓராண்டாக ஒரு மாத்திரை எடுக்கிறார்; எடுத்தும் 134/86 இருக்கிறது. வெறும் வயிற்றில் சர்க்கரை 97. மொத்தக் கொலஸ்ட்ரால் 204, எச்.டி.எல். 36, ட்ரைகிளிசரைடு 240, எல்.டி.எல். 120. ரத்தப் பரிசோதனை எண்கள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில்.

தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவும் யாரையும் திடுக்கிட வைக்காது. அழுத்தம் 'கொஞ்சம் கூட', கொலஸ்ட்ரால் 'பார்டரில்', சர்க்கரை 'நார்மல்'. நெஞ்சுவலி இல்லை. குறட்டை உண்டு, ஆனால் அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, கேட்பவரும் இல்லை. இந்த மனிதரின் ஆபத்து உண்மையில் எவ்வளவு, அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. என் பார்வையில், இவருடைய அறிக்கையில் இல்லாத இரண்டு எண்கள்தான் இருப்பவற்றைவிட முக்கியமானவை. ஒன்று, இரவில் அவருடைய ரத்த அழுத்தம். மற்றொன்று, மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்தால் வரும் எண்.

முதலில் மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்ற பெயருக்கு இவர் பொருந்துகிறாரா என்று பார்ப்போம். இன்சுலினுக்கு உடல் சரியாகப் பணியாத நிலையும், உயர் அழுத்தமும், ட்ரைகிளிசரைடு ஏறி எச்.டி.எல். இறங்குவதும் ஒரே ஆளிடம் சேர்ந்தே வருகின்றன என்பதை 1988இல் ஜெரால்ட் ரீவன் ஒரு சொற்பொழிவில் தொகுத்துக் காட்டினார். அதற்கு அவர் 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் வைத்தார். அதன் பிறகு உலக சுகாதார நிறுவனம் ஒரு வரையறை தந்தது. அமெரிக்கக் கொலஸ்ட்ரால் நிபுணர் குழு 2001இல் வேறொன்று தந்தது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2005இல் இன்னொன்று தந்தது. ஒருவரே ஒரு வரையறைப்படி நோயாளியாகவும் மற்றொன்றின்படி நலமானவராகவும் இருக்க முடிந்தது. 2009இல் பல அமைப்புகள் கூடி ஒரே பட்டியலுக்கு ஒத்துக்கொண்டன. இன்று பெரும்பாலும் பயன்படுவது அதுதான்.

அந்தப் பட்டியலில் ஐந்து அம்சங்கள் இருக்கின்றன. எவை மூன்று இருந்தாலும் போதும். இதுதான் கட்டாயம் என்று எதுவும் இல்லை. இடுப்புச் சுற்றளவு அதிகமாக இருப்பது ஒன்று. அதன் எல்லை இனத்துக்கு இனம் மாறும். தெற்காசியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. ட்ரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல் இருப்பது இரண்டாவது. எச்.டி.எல். ஆண்களில் 40க்குக் கீழும் பெண்களில் 50க்குக் கீழும் இருப்பது மூன்றாவது. ரத்த அழுத்தத்தில் மேல் எண் 130ஐயோ கீழ் எண் 85ஐயோ தொடுவது நான்காவது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல் இருப்பது ஐந்தாவது. இவற்றில் ஒன்றுக்கு மருந்து சாப்பிட்டு அதனால் எண் சரியாகத் தெரிந்தாலும் அந்த அம்சம் இருப்பதாகவே கணக்கு. மாத்திரையால் அழுத்தம் 118 ஆனவருக்கும் அந்தக் கட்டத்தில் டிக் உண்டு.

நம்மவருக்கு இடுப்பு, ட்ரைகிளிசரைடு, எச்.டி.எல்., அழுத்தம் என்று ஐந்தில் நான்கு இருக்கின்றன. சர்க்கரை நார்மல் என்பதால் 'எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை' என்று அவர் நினைத்திருக்கலாம். சர்க்கரை ஏறாமலேயே இந்தப் பெயருக்குள் வந்துவிட முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இடுப்பு அளவைப் பற்றி ஒரு வார்த்தை. பேன்ட் அளவை வைத்துச் சொல்வது கணக்கில் சேராது, ஏனென்றால் பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது. கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்தால் சில சென்டிமீட்டர் எளிதில் காணாமல் போய்விடும். எல்லைக்கு அருகில் இருப்பவருக்கு அந்தச் சில சென்டிமீட்டரே முடிவை மாற்றிவிடும்.

இந்தப் பெயர் கிடைத்தவர்களுக்கு இதயநோய், பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரண்டாம் வகை நீரிழிவு வரும் ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஆனால் இது ஆபத்தை அளக்கும் கருவி அல்ல. வயது, புகைப்பழக்கம், எல்.டி.எல். மூன்றும் இதில் இல்லவே இல்லை. அழுத்தம் 131 இருப்பவருக்கும் 178 இருப்பவருக்கும் ஒரே ஒரு டிக்தான். ட்ரைகிளிசரைடு ஒருவருக்கே நாளுக்கு நாள் கணிசமாக ஏறி இறங்கும். முந்தின நாள் மது குடித்திருந்தாலே ஏறும். இன்று 144, அடுத்த மாதம் 161 என்று வந்தால் நோய் புதிதாக வந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. எல்லைக்கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற விவாதத்தில் நேரம் போக்குவது வீண். ஏன் இவையெல்லாம் சேர்ந்து வந்தன என்று கேட்க வைப்பதில்தான் இந்தப் பட்டியலின் பயன் இருக்கிறது.

எல்.டி.எல். பட்டியலில் இல்லாததால் வரும் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். நம்மவரின் எல்.டி.எல். 120. பல ஆய்வகங்களில் இந்த எண் நேரடியாக அளக்கப்படுவதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துக் கணக்கிடுகிறார்கள். 204 கழித்தல் 36 கழித்தல் 48, ஆக 120. அந்த 48 எங்கே போனது? அது கல்லீரல் அனுப்பும் வி.எல்.டி.எல். போன்ற, ட்ரைகிளிசரைடு மிகுந்த துகள்களில் இருக்கும் கொலஸ்ட்ரால். அந்தத் துகள்களின் எச்சங்களும் தமனிச் சுவருக்குள் நுழையும், அங்கே தங்கும். கணக்கில் கழிந்துவிட்டதால் அவை உடம்பிலிருந்தும் கழிந்துவிடவில்லை. எனவே மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்துப் பார்க்க வேண்டும். 204 கழித்தல் 36, அதாவது 168. இதை எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால் என்கிறார்கள். இதற்கான இலக்கு பொதுவாக எல்.டி.எல். இலக்கோடு 30ஐக் கூட்டினால் வரும் எண். எல்.டி.எல். 100க்குக் கீழ் என்றால் இது 130க்குக் கீழ் இருக்க வேண்டும். எல்.டி.எல்.படி நம்மவர் இலக்கைவிட 20 தள்ளி நிற்கிறார். இந்தக் கணக்கின்படி 38 தள்ளி நிற்கிறார்.

இன்னொன்றும் உண்டு. ட்ரைகிளிசரைடு அதிகமாக உள்ளவர்களின் எல்.டி.எல். துகள்கள் சிறியவையாக, ஒவ்வொன்றிலும் கொலஸ்ட்ரால் குறைவாக இருக்கும். அதே 120ஐச் சுமக்க அதிகத் துகள்கள் தேவைப்படும். தமனிச் சுவரில் சிக்குவது துகள்கள்தான். ஒவ்வொரு துகளிலும் அப்போலிப்போபுரோட்டீன் பி என்ற புரதம் சரியாக ஒன்றே இருப்பதால், அந்தப் பரிசோதனை துகள்களின் எண்ணிக்கையையே ஏறக்குறைய சொல்லிவிடும். அந்த வசதி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் எச்.டி.எல்.லைக் கழித்த எண் போதும். அதற்குத் தனிச் செலவும் இல்லை, கையிலிருக்கும் அறிக்கையிலேயே அது இருக்கிறது.

இனி இரவுக்கு வருவோம்.

தூக்கத்தில் மூச்சடைப்பு, அதாவது ஸ்லீப் ஆப்னியா, பெரும்பாலும் தொண்டையில் நடப்பது. நாக்கின் அடிப்பகுதிக்கும் பின்சுவருக்கும் இடையில் உள்ள பாதைக்கு எலும்பின் தாங்கல் கிடையாது. தசைகளின் இறுக்கத்தால் மட்டுமே அது திறந்திருக்கிறது. தூங்கும்போது அந்த இறுக்கம் தளரும். கழுத்திலும் நாக்கிலும் கொழுப்பு சேர்ந்து பாதை முன்பே குறுகியிருந்தால், மூச்சை இழுக்கும்போது அது மூடிக்கொள்ளும். பத்து விநாடி அல்லது அதற்கு மேல் காற்று நின்றால் ஒரு முழு அடைப்பு. காற்றோட்டம் குறைந்து ஆக்சிஜன் இறங்கினாலோ தூக்கம் கலைந்தாலோ ஒரு பகுதி அடைப்பு. இரண்டையும் சேர்த்து, தூங்கிய மணி நேரத்தால் வகுத்தால் வருவது ஏ.எச்.ஐ. என்ற எண். 5க்குக் கீழ் இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை மிதமானது, அதற்கு மேல் கடுமையானது.

ஒரே ஒரு அடைப்பை உற்றுப் பார்த்தால் மற்ற எல்லாம் விளங்கும். குறட்டை திடீரென்று நிற்கிறது. பக்கத்தில் இருப்பவர் 'அப்பாடா' என்று நினைக்கும் நேரம் அது. ஆனால் மார்பும் வயிறும் அசைந்துகொண்டேயிருக்கின்றன, ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறது. மூடிய பாதைக்கு எதிராக உடல் காற்றை இழுக்க முயல்கிறது. மார்புக்குள் அழுத்தம் வெகுவாகக் குறைகிறது. அந்த உறிஞ்சலில் இதயத்தின் அறைகளும் இழுபடுகின்றன. இருபது, முப்பது விநாடிகள் கழிகின்றன. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, கரியமில வாயு ஏறுகிறது. கழுத்துத் தமனியின் கிளையில் இருக்கும் சிறிய உணர்வுறுப்பு இதைக் கண்டு மூளைக்கு அபாயச் செய்தி அனுப்புகிறது. நரம்பு மண்டலம் முழு வேகத்தில் ரத்தநாளங்களைச் சுருக்குகிறது. மூளை ஓரிரு விநாடி விழிக்கிறது, தொண்டைத் தசை இறுகுகிறது, பெரிய சத்தத்தோடு மூச்சு திரும்புகிறது. நிரம்பி வரும் ரத்தத்தை இதயம், சுருங்கிக் கிடக்கும் குழாய்களுக்குள் தள்ளுகிறது. அழுத்தம் உச்சிக்குப் போவது இந்தக் கணத்தில்தான், மூச்சு நின்றிருந்தபோது அல்ல. விரல் நுனியில் மாட்டிய கருவியும் ஆக்சிஜனின் மிகக் குறைந்த எண்ணை மூச்சு திரும்பிய பிறகே காட்டும். ரத்தம் நுரையீரலிலிருந்து விரலுக்கு வந்து சேர நேரம் பிடிக்கிறது.

சில விநாடிகளில் ஆள் மறுபடி தூங்கிவிடுகிறார். காலையில் எதுவும் நினைவிருக்காது. நம்மவரின் ஏ.எச்.ஐ. 34 என்று வைத்துக்கொண்டால், இது இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவைக்குச் சற்றே அதிகமாக, இரவெல்லாம் நடக்கிறது.

நலமான ஒருவருக்கு இரவில் ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும். ரத்தநாளங்களுக்கு அதுதான் ஓய்வு. மூச்சடைப்பு உள்ளவருக்கு அந்த இறக்கம் நடப்பதில்லை. இருபத்து நான்கு மணி நேரம் கையில் கட்டியிருக்கும் கருவியில் நம்மவருக்குப் பகல் சராசரி 138/88, இரவுச் சராசரி 132/84 என்று வருகிறது என்று கொள்வோம். மேல் எண் 6 மட்டுமே இறங்கியிருக்கிறது. நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல். தூங்கும் நேரத்தில் 120/70 என்பதே உயர் அழுத்தத்தின் எல்லை என்பதால், பகலில் 'கொஞ்சம் கூட' என்று தோன்றிய இவருக்கு இரவில் அழுத்தம் தெளிவாகவே அதிகம். மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து எடுத்த 134/86இல் இது தெரிய வாய்ப்பே இல்லை.

இரவோடு இது முடிந்துவிடுவதுமில்லை. இரவெல்லாம் தூண்டப்பட்ட நரம்பு மண்டலம் பகலிலும் அதே முறுக்கில் இருக்கிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கச் செய்யும் ஆல்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்கள் கூடுகின்றன. உடலில் தேங்கிய நீர் படுத்ததும் கால்களிலிருந்து கழுத்துப் பக்கம் நகர்ந்து தொண்டையை மேலும் குறுக்குகிறது. அழுத்தம் மூச்சடைப்பை வளர்க்கிறது, மூச்சடைப்பு அழுத்தத்தை வளர்க்கிறது. 2000இல் வெளியான விஸ்கான்சின் ஆய்வில், தொடக்கத்தில் ஏ.எச்.ஐ. 15 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு, நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு உயர் அழுத்தம் இருக்கும் வாய்ப்பு மூச்சடைப்பே இல்லாதவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. எடை, வயது போன்றவற்றின் பங்கை நீக்கிய பிறகு கிடைத்த எண் இது. மூன்று மருந்து கொடுத்தும் அழுத்தம் அடங்காதவர்களிடம் தேடினால் மூச்சடைப்பு அடிக்கடி அகப்படுகிறது.

இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவதும் இதன் அடையாளமாக இருக்கலாம். மார்புக்குள் உறிஞ்சல் ஏற்பட்டு இதய அறை இழுபடும்போது, உடலில் நீர் அதிகமாகிவிட்டது என்று தவறாக எண்ணி இதயம் சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. இதை வயதின் கோளாறு என்றோ பிராஸ்டேட் என்றோ ஒதுக்கிவிடுகிறோம்.

கொழுப்பின் மீது மூச்சடைப்பு என்ன செய்கிறது? அழுத்தத்தின் விஷயத்தில் உள்ள அளவு உறுதியான சான்று இங்கே இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆனால் வழி தெளிவாக இருக்கிறது. அட்ரினலின் வகை ஹார்மோன்கள் கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்களை அவிழ்த்துவிடுகின்றன. அவை கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் அவற்றை ட்ரைகிளிசரைடாக்கி வி.எல்.டி.எல். துகள்களில் ஏற்றி அனுப்புகிறது. ரத்தத்திலிருந்து ட்ரைகிளிசரைடைப் பிரித்தெடுக்கும் நொதியின் வேலையையும், ஆக்சிஜன் விட்டுவிட்டுக் குறைவது மட்டுப்படுத்துகிறது. இது பெரும்பாலும் விலங்குகளில் காட்டப்பட்டது. வரவு கூடி, செலவு குறைந்தால் ட்ரைகிளிசரைடு ஏறும். ட்ரைகிளிசரைடு ஏறினால் எச்.டி.எல். இறங்கும், ஏனென்றால் இரு துகள்களும் தம் சரக்கை மாற்றிக்கொள்ளும்போது எச்.டி.எல். கொலஸ்ட்ராலை இழந்து சீக்கிரம் அழிகிறது. பட்டியலின் இரண்டாவது, மூன்றாவது அம்சங்கள் இப்படித்தான் சேர்ந்து நடக்கின்றன. 1998இலேயே சிலர் சிண்ட்ரோம் எக்ஸுடன் மூச்சடைப்பையும் சேர்த்து 'சிண்ட்ரோம் இசட்' என்று அழைக்கலாம் என்று எழுதினார்கள். அந்தப் பெயர் பரவவில்லை. 2009 பட்டியலிலும் தூக்கத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

இவை மூன்றும் சந்திக்கும் இடம் தமனிச் சுவர். கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகள்கள் சுவரின் உள்படலத்தைக் கடந்து உள்ளே போய்ச் சிக்குவதுதான் அடைப்பின் தொடக்கம். எவ்வளவு உள்ளே போகும் என்பது துகள்களின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததல்ல. வெளியிலிருந்து எவ்வளவு அழுத்தம் தள்ளுகிறது, படலம் எவ்வளவு பழுதுபட்டிருக்கிறது என்பவற்றையும் பொறுத்தது. அதே ரத்தம் ஓடும் நரம்புகளில், அதாவது சிரைகளில், இந்தப் படிவு வருவதில்லை. அங்கே அழுத்தம் மிகக் குறைவு. அதே சிரையை எடுத்து பைபாஸ் அறுவையில் இதயத் தமனிக்கு மாற்றாக வைத்தால், தமனியின் அழுத்தத்தில் சில ஆண்டுகளில் அதிலும் படிகிறது. மூச்சடைப்பு இதில் இரண்டு வகையில் தலையிடுகிறது. இரவெல்லாம் அழுத்தத்தை உயர்த்துகிறது. ஆக்சிஜன் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் வேதி அழற்சியைக் கிளப்பிப் படலத்தைக் கெடுக்கிறது. நம்மவரின் 168ம், இரவின் 132ம், 34 என்ற ஏ.எச்.ஐ.யும் மூன்று அறிக்கைகளில் இருந்தாலும் வேலை செய்வது ஒரே சுவரில்.

அதனால்தான் ஆபத்துகள் கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக ஏறுகின்றன. நூறு பேரில் பத்தாண்டில் இரண்டு பேருக்கு மாரடைப்பு வரும் ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காரணி அதை இரட்டிப்பாக்கினால் நான்கு. அதேபோல இரட்டிப்பாக்கும் வேறொரு காரணியும் சேர்ந்தால் ஆறு அல்ல, எட்டு. இது பெருக்கலை விளக்கச் சொன்ன கணக்கு. அளந்தெடுத்த எண் அல்ல. அழுத்தத்தைப் பொறுத்தவரை உண்மை எண் ஒன்று உண்டு: நாற்பது முதல் அறுபத்தொன்பது வயது வரை, 115க்கு மேல் மேல் எண் 20 ஏறும்போதெல்லாம் இதயநோய், பக்கவாதச் சாவுகள் ஏறத்தாழ இரட்டிக்கின்றன. 115க்கு மேல் 'இதுவரை ஆபத்தில்லை' என்று சொல்லும் எல்லைக்கோடு ஏதும் இல்லை.

ஆனால் இதில் ஒரு பொறியும் இருக்கிறது. மெட்டபாலிக் சிண்ட்ரோமுக்கு இரண்டு மடங்கு, உயர் அழுத்தத்துக்கு இரண்டு மடங்கு, மூச்சடைப்புக்கு இன்னும் ஒன்று என்று எல்லாவற்றையும் பெருக்கிக்கொண்டு போகக் கூடாது. அழுத்தம் ஏற்கனவே சிண்ட்ரோமுக்குள் இருக்கிறது. மூச்சடைப்பின் கேட்டில் பெரும்பகுதி அழுத்தத்தின் வழியாகவே வருகிறது. ஒரே விஷயத்தை மூன்று பெயரில் மூன்று தடவை எண்ணினால் பயமுறுத்தும் எண் வரும், சரியான எண் வராது. ஆபத்தைக் கணக்கிட வயது, புகை, அழுத்தம், கொலஸ்ட்ரால், நீரிழிவு ஆகியவற்றைக் கொண்ட கணிப்புச் சூத்திரங்களையே பயன்படுத்த வேண்டும். அதில் வரும் விடை இடைப்பட்டதாக இருந்து, கூடவே மூச்சடைப்போ மெட்டபாலிக் சிண்ட்ரோமோ இருந்தால், சிகிச்சையின் பக்கம் சாய்வது நியாயம். நம்மவருக்கு இது பொருந்தும்.

மூச்சடைப்பு இருக்கலாம் என்று எப்படிச் சந்தேகிப்பது? எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் பரவலாகப் பயன்படுகிறது. பலத்த குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, உயர் அழுத்தம், 35க்கு மேல் பி.எம்.ஐ., ஐம்பதைத் தாண்டிய வயது, பருத்த கழுத்து, ஆண் என்ற எட்டில் எத்தனை என்பதே கேள்வி. ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் வாய்ப்பு அதிகம். நம்மவரின் பி.எம்.ஐ. சுமார் 30, வயது 46; அந்த இரண்டும் இல்லை. கழுத்து 43 செ.மீ., மற்றவையும் உண்டு. மொத்தம் ஆறு. மூச்சு நிற்பதைப் பார்த்த ஒருவரிடம் கேட்டால்தான் மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்கும். தனியாகத் தூங்குபவர்களிடம் இந்தப் பட்டியல் தடுமாறுவது அதனால்தான். பெண்களிடம் குறட்டையைவிடத் தூக்கமின்மையும் காலைத் தலைவலியும் முன்னால் நிற்கலாம். பகலில் தூக்கம் வரவில்லை என்பதை வைத்து மூச்சடைப்பு இல்லை என்று முடிவு செய்வதும் தவறு. கடுமையான மூச்சடைப்பு உள்ளவர்களிலேயே பலருக்குப் பகல் தூக்கம் இருப்பதில்லை.

உறுதி செய்வது தூக்கப் பரிசோதனை. வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்கும் கருவி பலருக்குப் போதும். ஆனால் அது மூளை அலைகளைப் பதிவு செய்யாததால் எப்போது தூங்கினார் என்று அதற்குத் தெரியாது. அடைப்புகளைத் தூங்கிய நேரத்தால் வகுக்காமல் பதிவான நேரத்தால் வகுக்கிறது. எட்டு மணி நேரம் மாட்டியிருந்து ஐந்து மணி நேரமே தூங்கியவருக்கு 100 அடைப்புகள் என்றால், உண்மையில் மணிக்கு 20. கருவி காட்டுவது 12.5. மிதமானது லேசானதாகிவிடுகிறது. வலுவான சந்தேகம் இருந்து வீட்டுப் பரிசோதனை 'இல்லை' என்றால், ஆய்வகத்தில் ஓர் இரவு படுத்துப் பார்ப்பதுதான் சரி.

சிகிச்சைக்கு வரும்போது, எந்த மருந்து எதைச் சரிசெய்யும் என்று குழப்பிக்கொள்ளாமல் இருப்பது முக்கியம். மூக்கில் காற்றழுத்தம் தரும் சிபாப் கருவி அடைப்புகளை அன்றிரவே ஏறக்குறைய நிறுத்திவிடும். அழுத்தத்தைச் சராசரியாக 2 முதல் 3 வரைதான் குறைக்கும். அடங்காத அழுத்தம் உள்ளவர்களிடமும், கருவியை இரவின் பெரும்பகுதி அணிபவர்களிடமும் பலன் சற்றுக் கூடுதல். கொழுப்பை அது அனேகமாக அசைப்பதில்லை. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் பருமனும் மூச்சடைப்பும் உள்ளவர்களை மூன்று பிரிவாக்கினார்கள்: சிபாப் மட்டும், எடைக் குறைப்பு மட்டும், இரண்டும். ட்ரைகிளிசரைடும் இன்சுலின் நிலையும் எடை குறைத்த பிரிவுகளில் மேம்பட்டன. சிபாப் மட்டும் போட்டவர்களிடம் மேம்படவில்லை. இரண்டையும் ஒழுங்காகச் செய்தவர்களிடம்தான் ரத்த அழுத்தம் அதிகமாக இறங்கியது.

மாரடைப்பைத் தடுக்குமா என்று கேட்டால் விடை இன்னும் கடினம். ஏற்கனவே இதயநோயோ பக்கவாதமோ வந்த 2,717 பேரை வைத்து நடந்த சேவ் ஆய்வில், சிபாப் அணிந்தவர்களுக்கு நிகழ்வுகள் குறையவில்லை. முடிவுகள் 2016இல் வந்தன. அவர்கள் கருவியை அணிந்தது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம். தூக்கத்தின் பாதிக்கு மேல் அவர்கள் சிகிச்சை இல்லாமல்தான் இருந்தார்கள். விடியற்காலைத் தூக்கத்தில் அடைப்புகள் மிகவும் மோசமாக இருப்பவர்கள் பலர். கருவியைக் கழற்றி வைப்பதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். இந்த ஆய்வைக் காட்டி சிபாப் வீண் என்பதையும் நான் ஏற்கவில்லை, அந்த 3.3ஐ மட்டும் காட்டி முடிவையே தள்ளிவிடுவதையும் ஏற்கவில்லை. பகல் களைப்புக்கும் அழுத்தத்துக்கும் சிபாப் தேவை; மாரடைப்பைத் தடுக்கும் பொறுப்பை அதன் மீது மட்டும் போட முடியாது.

கொழுப்பில் அந்தப் பொறுப்பு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையுடையது. மிதமான அளவு எல்.டி.எல்.லை 30 முதல் 49 சதவீதம் வரை குறைக்கும். நம்மவரின் 168 மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் 112 ஆகும். ட்ரைகிளிசரைடு ஓரளவு இறங்கும், எச்.டி.எல். அப்படியேதான் இருக்கும். அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. எச்.டி.எல்.லை மருந்தால் ஏற்றிப் பார்த்த நியாசின் ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. ட்ரைகிளிசரைடை மட்டும் குறைத்த பெமாஃபைப்ரேட் ஆய்விலும், 2022இல், பலன் கிடைக்கவில்லை. அதில் அப்போலிப்போபுரோட்டீன் பி குறையவில்லை, துகள்களின் எண்ணிக்கை குறையவில்லை. பட்டியலின் அம்சங்கள் எல்லாம் அடையாளங்கள். எல்லா அடையாளத்தையும் மாத்திரையால் அழிப்பது சிகிச்சை ஆகாது.

எடைக் குறைப்பு ஒன்றுதான் ஐந்து அம்சங்களையும் மூச்சடைப்பையும் ஒருசேரத் தொடுகிறது. விஸ்கான்சின் குழுவின் கணக்குப்படி எடையில் 10 சதவீதம் குறைந்தால் ஏ.எச்.ஐ. சுமார் 26 சதவீதம் குறையும். நம்மவர் 9 கிலோ இறக்கினால் 34 சுமார் 25க்கு வரும். நல்ல முன்னேற்றம்தான், ஆனால் இன்னும் மிதமான நோயே. எடை இறங்கிவிட்டது என்று சிபாப்பை அவராகவே நிறுத்தக் கூடாது. மறுபரிசோதனை செய்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். பருமனோடு மிதமான அல்லது கடுமையான மூச்சடைப்பு உள்ளவர்களுக்கு டிர்செபடைட் ஊசியை அமெரிக்க மருந்து ஒழுங்கு அமைப்பு 2024 டிசம்பரில் அனுமதித்தது. அதுவும் எடையின் வழியாகவே பெரும்பாலும் வேலை செய்கிறது.

எனவே இவருக்கான வரிசை இப்படி இருக்கும். மருத்துவரிடம் பேசி ஸ்டாட்டின் தொடங்குவது, ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரைக்குப் பதில் இரண்டு தேவையா என்று இருபத்து நான்கு மணி நேரப் பதிவை வைத்து முடிவு செய்வது, சிபாப் தொடங்குவது, இரவில் மதுவையும், மருத்துவர் சொல்லாத தூக்க மாத்திரையையும் விடுவது, ஏனென்றால் இரண்டும் தொண்டைத் தசையைத் தளர்த்தும். ஆறு முதல் எட்டு வாரத்தில் கொழுப்பை மறுபடி பார்த்து, எச்.டி.எல்.லைக் கழித்த எண் 130க்குக் கீழே வந்ததா என்று பார்க்க வேண்டும். சிபாப் கருவியின் நினைவில் எத்தனை மணி நேரம் அணிந்தார், எத்தனை அடைப்பு மீதமிருக்கிறது என்ற இரண்டும் பதிவாகியிருக்கும். மணி நேரம் நான்குக்குக் கீழே இருந்தால் முகமூடியின் அளவு, மூக்கடைப்பு, வாய் வழியே காற்று கசிவது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். மூன்று மாதம் கழித்து இரவு அழுத்தத்தை மீண்டும் பதிவு செய்ய வேண்டும். பகல் எண் 128க்கு வந்து இரவு எண் 130இலேயே நின்றால், வேலை பாதிதான் நடந்திருக்கிறது. மருந்தைக் கூட்டும் முன் கருவியின் மணி நேரத்தைப் பார்க்க வேண்டும்.